பத்மா என்று கேட்கவும்

எண்பத்தெட்டாம் வருஷம் அம்பத்தூரில் நாங்கள் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினோம். பத்திரிகை என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் விளம்பரம், மிச்சத்தில் ரயில் நேரமும் கோயில் திருவிழாவும். ஆவடி, பூந்தமல்லி வரைக்கும் டீக்கடைகளில் இலவசமாகப் போடுவோம். பாதி, வடை மடிக்கப் போய்விடும். அதனால் என்ன, வடை தின்றவன் படிப்பான் என்பார் முதலாளி கஜபதி. இன்றைக்கும் எங்காவது அச்சு மை வாசனை வந்தால் எனக்கு எங்கள் அச்சகம் இருந்த அந்த ஓட்டுக் கட்டிடத்துக்கு ஓடிப்போய் உட்கார வேண்டும் போல இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் வேலை பார்த்ததில்லை.

விளம்பரப் படத்துக்குக் கீழே நாலு வரி எழுதுவது என் வேலை. வருகிறவர்கள் ஒரு போட்டோவை மேஜைமேல் வைத்து, "நீங்களே நல்லா ஏதாச்சும் போட்டுக்குங்க" என்று கிளம்பிவிடுவார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என்னத்தைப் போடுவது? கட்டிலின் படத்தைப் பார்த்தால் கட்டில் தெரியும். அதன் விலை தெரியுமா, கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தெரியுமா? நான் சேருவதற்கு முன்னால் கஜபதியே ஒரு கிரைண்டர் விளம்பரம் எழுதியிருந்தார். "இன்றே வாருங்கள்" என்று கொட்டை எழுத்தில் முடித்திருந்தார். எங்கே வருவது என்றுதான் போடவில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தைய இதழ் தயாராகும்போது ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் குணசேகரன் ஒரு போட்டோவோடு வந்தார். ஷிப்ட்டுக்கு நேரமாகிறது என்று பணத்தைக் கட்டிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டார். வெள்ளைச் சுவரில் தொங்கும் ஒரு கவுன், அவ்வளவுதான் படம். நெஞ்சுப் பக்கம் துணியைச் சின்னச் சின்னதாகச் சுருக்கி வண்ண நூலால் வேலை செய்திருந்தது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் அது கைக்குழந்தைக்கா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியோ ஆளோ இருந்தாலாவது அளவு தெரிந்திருக்கும்.

மவுண்ட் ரோட்டிலிருந்து படத்தை அச்சடிக்கும் உலோகத் தகடு, அதாவது பிளாக், செய்து வந்துவிட்டது. கீழே வைக்க வரிதான் இல்லை.

"கவுன் படம் கீது, கவுன்னு போடு, தீந்துச்சு. இன்னாத்துக்கு போலீஸ்காரன் மாரி விசாரிச்சிகினு கீறே?" என்றார் கஜபதி.

குணசேகரன் மறுபடி வந்தபோது விடவில்லை, பிடித்து உட்கார வைத்தேன். விலை கேட்டேன், தெரியாது என்றார். எந்த வயதுக்கு என்று கேட்டேன், அதெல்லாம் சம்சாரம் சமாசாரம் என்றார். விலாசம் கேட்டதும் பதறிவிட்டார். குவார்ட்டர்ஸில் வியாபாரம் கூடாது, வீட்டு நம்பரை அச்சடித்தால் மெமோ வீட்டுக்கே வந்துவிடும் என்றார். கடைசியில் எழுந்திருக்கும்போது, ஒரு பெட்டி நிறையத் தைத்து வைத்திருக்கிறாள், இந்தத் தீபாவளிக்குப் போகவில்லை என்றால் தவணையில் எடுத்த தையல் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறோம் என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் சாதாரணமாக இருக்கவில்லை. அந்த நூல் வேலை செய்த கையிலிருந்து மெஷினைப் பிடுங்குவதா?

வீட்டில் கேட்டு வரச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் ஒப்பித்தார். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை. சின்னது முப்பத்தைந்து ரூபாய், பெரியது அறுபது, துணியும் சேர்த்து. முத்தாபுதுப்பேட்டையில், குவார்ட்டர்ஸ் சுவரை ஒட்டி ஜாபர் அலி தையல் சாமான் கடை. அங்கே கவுனைப் பார்க்கலாம். காலை பத்து முதல் ஒன்று, மாலை நாலு முதல் எட்டு. வெள்ளிக்கிழமை மாலை மட்டும். அந்தக் கடை போனே பி.பி. நம்பர். போன் இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவர் போன் நம்பரைக் கொடுத்து, கூப்பிட்டால் அழைத்து விடச் சொல்லி வைப்பார்களே, அதுதான். யாரைக் கேட்க வேண்டும் என்றேன். "பத்மான்னு கேக்கணுமாம்" என்று சம்சாரத்தின் பேரைச் சொல்லிச் சிரித்தார்.

எல்லாம் வந்துவிட்டது, எழுதினேன். ஆனால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. அச்சுக் கோக்கக் கொடுப்பதற்கு முன்னால், விளம்பரத்தைப் படித்த ஆள் எப்படிக் கேட்பானோ அப்படியே அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பார்ப்பேன்.

"பத்மா இருக்காங்களா?"

"அப்டி யாரும் இல்லியேம்மா இங்க" என்று ஓர் ஆண் குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

மறுபடி சுற்றினேன். ராங் நம்பர் என்று பதில் வந்தது. ஜாபர் அலி கடையா என்றால், ஆமாம், ஆனால் பத்மா யாரும் இல்லை என்றார். விவரம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கடையில் ஆள் நிற்கிறது என்று வைத்துவிட்டார். அச்சானதும் கூப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் இதே பதில்தான் கிடைக்கும். மெஷின் போய்விடும். டுபாக்கூர் விளம்பரம், தூக்கிட்டு பட்டாசுக் கடையைப் போடு என்றார் கஜபதி. சாயங்காலம் அச்சு மிஷின் ஓடுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று போட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆவடி வரைக்கும் மின்சார ரயில், அங்கிருந்து பஸ்.

ஜாபர் அலி நரைத்த தாடிக்காரர். போனில் பேசியது நான்தான் என்றதும் மறுபடியும் அதையே சொன்னார். போட்டோவை எடுத்துக் கல்லாமேல் வைத்தேன்.

"அட, இது நம்ம குணா ஊட்டம்மா தச்சதாச்சே. ரெண்டு வருசமா நூலு, பட்டன் எல்லாம் நம்மகிட்டதான் வாங்குது. போன் வந்தா இட்டாந்து வுடுங்கன்னு அந்தப் புள்ளதான் சொல்லிட்டுப் போச்சு."

அந்தப் பிள்ளையின் பேர் என்ன என்று கேட்டேன். மனிதர் யோசித்தார். நூல்கண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. கேட்கத் தோன்றியதே இல்லை என்று தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார். பிறகு சுவருக்குப் பக்கத்தில் போய், "குணா ஊட்டம்மா" என்று குரல் கொடுத்தார்.

முந்தானையில் ஊசி குத்தியபடி ஒரு மெலிந்த பெண் ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நேரம் இல்லை. குணசேகரன் மனைவி என்று கேட்கவும் என்று போட்டுவிட்டால் கடைக்காரருக்கும் தெரியும், அக்கம்பக்கத்துக்கும் தெரியும், எந்தக் குழப்பமும் இல்லை என்றேன். எனக்கு அது சரியான யோசனையாகத்தான் பட்டது.

அவள் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தச்சது நாந்தாங்க. என் பேரே இருக்கட்டும். அண்ணன் ஞாபகம் வெச்சுக்குவாரு" என்றாள்.

ஜாபர் அலி உடனே எழுந்தார். துணியில் கோடு போடும் சாக்குக் கட்டியை எடுத்து, போனுக்கு மேலே சுவரில் பத்மா என்று பெரிதாக எழுதினார். நான் அம்பத்தூர் வந்து சேர்ந்தபோது கஜபதி மிஷினை நிறுத்திவைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தார். திட்டினாலும் நிறுத்தித்தான் வைத்திருந்தார், அதற்காக அவரை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். கடைசி வரியாக "பத்மா என்று கேட்கவும்" என்பது ஏறியது.

தீபாவளி கழிந்து பத்மா அம்பத்தூருக்கே வந்தாள். ஸ்வீட் பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். பெட்டி காலி, பொங்கலுக்கும் ஆர்டர் வந்திருக்கிறது, மெஷினைப் பற்றி இப்போது வீட்டில் யாரும் பேசுவதில்லை என்றாள். அந்த முதல் போன் எப்படி வந்தது என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடியில் தண்ணீருக்கு நின்றிருக்கிறாள். வரிசையில் ஏழெட்டுப் பெண்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜாபர் அலி, "பத்மா, போன்" என்று கத்தியிருக்கிறார். யார் பத்மா என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறார்கள்.

"நானும்தாங்க திரும்பிப் பாத்தேன்" என்றாள். "யாரோ புதுசா குடி வந்திருக்காங்கன்னு நெனச்சேன். கல்யாணமாகி இங்க வந்தப்புறம் யாரும் அந்தப் பேரச் சத்தமாக் கூப்பிட்டதே இல்லீங்க. ரெண்டாவது வாட்டி கத்துனாரு பாருங்க, அப்பத்தான் குடத்தக் கீழ போட்டுட்டு ஓடுனேன்."