தம்பிக்கு வாங்கிய உப்பு

தையற்காரத் தம்பிக்குச் சிறுநீரகம் பாதி பழுது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். சப்பென்ற சோற்றைத் தம்பி தள்ளிவைப்பதைப் பார்க்க அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. சோடியம் குறைந்த உப்புக்கு மாறியதிலிருந்து அவளுடைய ரத்த அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. அதிலேயே ஒரு பாக்கெட் வாங்கி வந்து அவன் வீட்டு உப்பு டப்பாவில் கொட்டினாள்.

"இப்பதான்க்கா நாக்குக்கு உயிர் வந்திருக்கு" என்றான்.

மாதம் முடிவதற்குள் தையல் மெஷினை மிதிக்க அவனுக்குக் கால் எழவில்லை. ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததும் அவசரமாக ஊசி போட்டார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் எகிறியிருந்தது. விட்டிருந்தால் இதயமே நின்றிருக்கும்.

"சாப்பாட்டுல புதுசா ஏதாவது மாத்துனீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

வாயைத் திறக்காமலிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்கு உடம்பு கூசியது.

"உப்பை மாத்தினேன் டாக்டர். எனக்கு ஒத்துக்கிச்சேன்னு..."

"அதுல சோடியத்தைக் குறைச்சு பொட்டாசியம் சேர்த்திருப்பாங்கம்மா. உங்க பிரஷருக்கு நல்லதுதான். மிஞ்சுறதை உங்க கிட்னி வெளியேத்திடும். இவரோட கிட்னியால அது முடியாது, ரத்தத்துலயே தங்கிடும். இவர் அதைத் தொடவே கூடாது."

தம்பி பிழைத்துக்கொண்டான். விஷயம் தெரிந்ததும், "நல்லதுன்னுதானே செஞ்ச, விடுக்கா" என்று அவள் கையைப் பிடித்தான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.