எம் சைஸ்

பங்குனி வெயில் தொடங்கிவிட்டால் சுபாஸ்கரனின் கடையில் தலைக்கவசத்தைவிடக் கைக்குப் போடும் சிலீவ்தான் அதிகம் போகும். கொக்குவில் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில், மோட்டார் சைக்கிள் சாமான்கள் விற்கும் சின்னக் கடை அது. வாசலிலேயே கறுப்பும் சாம்பலும் நீலமுமாகச் சிலீவ்கள் தொங்கும்.

"அண்ணை, கிளவ்ஸ் கொஞ்சம் பெருசாத் தாங்கோ. இது வேர்க்குது," என்றான் கஜானன். வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கிறவன்.

"பெருசு போட்டால் உள்ளங்கைக்குள்ளை துணி சுருளும். நீ அக்சிலேற்றரை முறுக்கேக்கை கிளவ்ஸும் சேர்ந்து சுத்தும். பிறகு நீ ஒரு பக்கம், சோத்துப் பார்சல் ஒரு பக்கம்."

"அப்ப இறுக்கமாப் போடச் சொல்லுறியள்."

"அளவாப் போடு. விரல் நுனியிலை துணி மிஞ்சக்கூடாது. விரலை மடக்கேக்கை இழுக்கவும் கூடாது. உள்ளங்கையிலை இருக்கிற றப்பர் புள்ளி கைபிடியிலை பட்டால்தான் பிடி இருக்கும்."

"பொம்பிளை பாக்கிற மாதிரியெல்லோ பாக்கிறியள்."

"அதைவிடக் கவனமாப் பாக்கவேணும். நடுவழியிலை கழட்டி வைச்சிட்டுப் போகேலாதெல்லே."

கஜானன் சிரித்துக்கொண்டே போனான். ஊருக்கெல்லாம் அளவு சொல்லுகிற மனிதன், தன் வீட்டில் மட்டும் அளவு தவறியிருந்தான். அது எவ்வளவு பெரிய பிழை என்று அவனுக்கு அன்றைக்குத் தெரியாது.

சுபாஸ்கரனின் மனைவி உதயகலா குடும்பநல உத்தியோகத்தர். சுன்னாகத்துக்கு அங்கால் இருக்கிற தோட்டக் கிராமங்களில் கர்ப்பிணித் தாய்மாரையும் பிறந்த குழந்தைகளையும் வீடு தேடிப்போய்ப் பார்க்கிற வேலை. வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே நிழலே இல்லாத ஒழுங்கைகளில் ஸ்கூட்டியில் திரிவாள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு லூபஸ் என்று கண்டுபிடித்தார்கள். உடம்பு தன்னைத்தானே எதிர்க்கிற வருத்தம். அதற்கு வெயில் ஆகாது.

மாத்திரைகளால் வருத்தம் அடங்கியது. போன ஐப்பசியில் டொக்டரம்மா ஒரு சொல் சொன்னா. "ஆறு மாசம் ஒண்டும் கிளம்பாமல் இருந்தால், பிள்ளைக்கு முயற்சி செய்யலாம்." முப்பத்தேழு வயதில் அந்த ஆறு மாதம் அவர்களுக்குப் பெரிய நாள்கணக்கு. சமையலறைக் கலண்டரில் உதயகலா எதையும் குறிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மாதத் தாளையும் அவள் கிழிக்கிற விதத்திலேயே அவனுக்குத் தெரியும்.

வெயில் ஏறத் தொடங்கிய மாசியில் அவளுக்கென்று நல்ல சிலீவ் ஒரு சோடி எடுத்துவைத்தான். நெருக்கமாகப் பின்னிய துணி. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான், ஒரு பொட்டு வெளிச்சமும் வரவில்லை. அட்டையில் வெயில் தடுக்கும் கணக்கு ஐம்பதுக்கு மேல் என்று போட்டிருந்தது. வெளிர் நிறத்தைவிடக் கடும் நிறம் வெயிலைக் கூடத் தடுக்கும் என்பதால் கடும் நீலம் எடுத்தான். அதோடு மெல்லிய கிளவ்ஸும். சிலீவின் விளிம்பு கிளவ்ஸுக்கு மேலே ஏறி மூடவேண்டும், மணிக்கட்டில் ஒரு விரல் அகலம் தெரிந்தாலும் அந்த இடம் எரியும் என்றெல்லாம் அவன் அறிவான்.

எம் சைஸும் இருந்தது, எல் சைஸும் இருந்தது. கலியாணத்தின்போது உதயகலாவின் கை வேலிக் கதியால் தடி மாதிரி மெல்லிசு. மாத்திரை தொடங்கிய பிறகு முகமும் புயமும் பூசினாற்போல் பருத்துவிட்டன. கலியாணச் சட்டைகளை அவள் ஒருநாள் மடித்துப் பெட்டியின் அடியில் வைத்ததை அவன் கண்டும் காணாதவன்போல் இருந்தான். எல் என்ற எழுத்தை அவளுடைய கையில் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. எம் எடுத்தான். இழுபடுகிற துணிதானே என்று நினைத்தான்.

"போட்டுப் பாரும்."

அவள் போட்டாள். முழங்கைக்கு மேலே ஏற்ற இரண்டு தரம் இழுத்தாள்.

"எப்பிடி?"

"அளவாத்தான் இருக்கு," என்றாள். முகம் மலர்ந்திருந்தது.

பங்குனி கடைசியில், குளித்துவிட்டு வந்தவளின் புயத்தில் சிவப்பாகத் தடிப்பு கிடந்தது. இரண்டு நாளில் அது திட்டுத்திட்டாகப் பரவியது. மூட்டுக்கள் நொந்தன. காலையில் கால் வீங்கியிருந்தது. கிளினிக்கில் இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் புரதம் போகிறது, சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது போல இருக்கிறது என்றா டொக்டரம்மா.

"வெயிலுக்குப் போனனீங்களோ?"

"எப்பவும் மூடிக்கொண்டுதான் போறனான், டொக்டர்." உதயகலா பையிலிருந்து சிலீவை எடுத்துக் காட்டினாள்.

டொக்டரம்மா அவளுடைய கையைத் திருப்பிப் பார்த்தா. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுத்தமாக இருந்தது. முழங்கைக்கு மேலே, சட்டையின் கை தொடங்குகிற இடம் வரை மட்டும் சிவந்து கிடந்தது.

"இதைப் போட்டுக் காட்டுங்கோ."

உதயகலா போட்டாள். டொக்டரம்மா அவளை யன்னலோரம் கூட்டிப்போய்ப் புயத்தைத் தொட்டுக் காட்டினா. துணி அங்கே விரிந்து நிறம் வெளுத்து, கொசுவலை மாதிரிக் கண் கண்ணாகத் தெரிந்தது. அடியில் தோல் தெரிந்தது.

"இழுபட்டால் பின்னல் விரிஞ்சுபோகும். வேர்வையிலை நனைஞ்சால் இன்னும் மோசம். அட்டையிலை போட்ட கணக்கு இழுபடாத துணிக்குத்தான்." பிறகு சுபாஸ்கரனைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினா. "இது ஒண்டாலைதான் வந்தது எண்டு சொல்ல ஏலாது, தம்பி. இந்த வருத்தம் சும்மாவும் கிளம்பும்."

அவனுக்கு அந்த ஆறுதல் காதில் ஏறவில்லை. ஊருக்கு அளவு சொன்னவன், இழுபடுகிற துணிதானே என்று அன்றைக்குத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தான். அது வெறும் சாட்டு.

புது மாத்திரை எழுதினா டொக்டரம்மா. அதைப் போடுகிற காலத்தில் பிள்ளை தங்கக்கூடாது. எவ்வளவு காலம் என்று உதயகலா கேட்டாள். வருடக்கணக்கில் என்றா. தோட்டப் பக்க வேலையை விட்டு, உள்ளே இருந்து செய்கிற வேலைக்கு மாற்றம் கேட்கச் சொன்னா.

வீட்டுக்கு வந்து இருவரும் சமையலறை மேசையில் இருந்தார்கள். மத்தியானச் சோறு ஆறிக் கிடந்தது.

"உதயா, கடையிலை எல் இருந்தது," என்றான்.

"தெரியும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அடுத்த நாள் கடைக்கு உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தனான் எல்லே. வாசல்லை தொங்கினதைக் கண்டனான்."

"கண்டும் ஏன் கேக்கேல்லை? இறுக்கினது எண்டாவது சொல்லியிருக்கலாமே."

அவள் தட்டில் ஒரு பருக்கையை விரலால் தள்ளினாள். "எல்லாரும் என்னைப் பார்த்து 'மிஸ் நல்லா உடம்பு வைச்சிட்டியள்' எண்டு சொல்லுகினம். நீங்கள் ஒராள்தான் எம் எண்டு கொண்டு வந்தனீங்கள். எனக்குச் சந்தோசமா இருந்தது."

"எனக்குத் தெரிஞ்சுதானப்பா கொண்டு வந்தனான்."

"அதுவும் தெரியும்." அவள் தட்டை அங்கால் நகர்த்தினாள். "ஒராளை ஒராள் நோகடிக்கக்கூடாது எண்டு பார்த்து, எங்கடை பிள்ளையை..."

அவன் கையை நீட்டி அவளுடைய கையைப் பிடித்தான். அவள் பிடிக்கவிட்டாள், ஆனால் திருப்பிப் பிடிக்கவில்லை. பக்கத்து வளவில் யாரோ தண்ணீர் மோட்டரைப் போட்டு நிறுத்தினார்கள்.

பிறகு அவன் எழுந்து போய் அளவு நாடாவைக் கொண்டு வந்தான். உள்வேலைக்கு மாறினாலும் போய்வர ஸ்கூட்டிதான். வெயில் இன்னும் நாலு மாதம் கிடக்கிறது.

"கையை மடக்கும். ஸ்கூட்டி ஓடுற மாதிரிப் பிடியும். நீட்டி வைச்சு அளந்தால் குறைச்சுக் காட்டும்."

அவள் கதிரையில் நிமிர்ந்திருந்து, இரண்டு கையையும் முழங்கையில் மடக்கி முன்னே வைத்து, இல்லாத கைபிடியைப் பிடித்தாள். கண்ணீர் நாடியில் வழிந்தது. துடைத்தால் கை நகர்ந்துவிடும் என்பதுபோல் துடைக்காமல் இருந்தாள்.

சிவந்த தோலில் படாமல், சட்டைக் கையின் மேலாக, புயத்தின் மொத்தமான இடத்தில் நாடாவைச் சுற்றினான். இறுக்காமல் பிடித்தான்.

"முப்பத்தாறு சென்ரிமீற்றர்," என்றான், அவளுக்குக் கேட்கத்தக்கதாக.

"மற்றக் கையையும் பாருங்கோ," என்றாள் அவள்.