பாதி மனை

மாடசாமியின் மகன் பிரதாப் கம்பெனி வேலைக்குப் போனவன் ஒன்பது வருஷமாகத் திரும்பவில்லை. போலீசும் தேடி ஓய்ந்துவிட்டது. மருமகள் பூங்கொடிக்கு இப்போது வேறு வரன் வந்திருந்தது. ஓசூர் வக்கீலிடம் வழி கேட்க அவள் போனபோது மாடசாமியும் கூடப் போனார். தான் பணம் போட்டுப் பிரதாப் பேரில் வாங்கிய மூக்கண்டப்பள்ளி மனை கைவிட்டுப் போகுமோ என்று அவருக்குப் பயம்.

“ஏழு வருஷத்துக்கு மேல தகவல் இல்லைன்னு விவாகரத்து வாங்கலாம். ஆனா பூங்கொடிக்கு மனையில பங்கு வராது,” என்றார் வக்கீல். “இல்லைன்னா, இறந்துட்டதா தீர்ப்பு வாங்கலாம். குழந்தை இல்லாததால பாதி பூங்கொடிக்கு, பாதி அவர் அம்மாவுக்கு.”

“எனக்கு?”

“அவங்க இருக்கையில அப்பாவுக்கு இல்லைங்க.”

“பணம் போட்டவனுக்கு ஒண்ணுமில்லையா? நல்ல சட்டம்யா.” அவர் மருமகள் பக்கம் திரும்பினார். “விவாகரத்தே வாங்கிக்க, பூங்கொடி.”

“சரிங்க மாமா. அவரு செத்துட்டாருன்னு சொல்ல எனக்கும் வாய் வராது.”

மாடசாமி எழுந்தார்.

“உக்காருங்க,” என்றார் வக்கீல். “அப்பவும் மனை பையன் பேர்லதான் இருக்கும். மாத்தணும்னா, அவர் இறந்துட்டார்னு உங்க சம்சாரம் கேஸ் போடணும். நீங்க சாட்சி சொல்லணும்.”

ஜெயித்தோமா தோற்றோமா என்றே அவருக்குப் புரியவில்லை. “அவன் செத்துட்டான்னு நான் எப்படிச் சொல்லுவேன்? பாதிய நீயே எடுத்துக்கம்மா. அந்தக் கேஸ நீயே போட்டுடு,” என்றார்.

பூங்கொடி அவரைப் பார்க்கவில்லை. “விவாகரத்துக்கே எழுதுங்க சார்,” என்றாள்.