இடது ஓரம் வழியாக

என் கணவருடைய முதல் மனைவிக்கு நாலாயிரம் புள்ளி. எனக்கு எண்ணூறு. எடிட்டர் இதைச் சொன்னபோது எனக்கு எரிந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. செத்துப் பதினாறு வருஷம் ஆனவள், கம்ப்யூட்டருக்குள்ளும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஸ்டூடியோ. ஒரே அறை, இரண்டு திரை, ரெக்ஸின் கிழிந்த சுழல் நாற்காலி ஒன்று. அதில் எடிட்டர். அவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவள் என்றால் மூத்தவளுடைய மகள். எட்டு வயதில் அம்மாவைப் பறிகொடுத்தவள். நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவளுக்குப் பதினொன்று, இப்போது இருபத்து நாலு. அன்றிலிருந்து என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். குறை சொல்ல முடியாத பெண். குறை சொல்ல முடியாததே எனக்கு ஒரு குறை.

என் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது என்று அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். அங்கே ஓட்டுவதற்கு ஐந்தே முக்கால் நிமிஷ வீடியோ. முழுக்கப் பழைய போட்டோக்கள், பின்னால் பாட்டில்லாத இசை.

போட்டோவை அப்படியே போட்டால் ஜனங்கள் மூன்றாவது படத்திலேயே செல்போனை எடுத்துவிடுவார்களாம். அதனால் ஒவ்வொரு படத்தையும் நகர வைக்க வேண்டும் என்றார் எடிட்டர். ஒன்றும் மாயமில்லை. படத்தின் மேல் இரண்டு பெட்டி போடுகிறார். பச்சைப் பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கே காட்சி தொடங்கும், சிவப்புப் பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கே முடியும். நடுவில் இருக்கும் வழியை இயந்திரமே போட்டுக்கொள்ளும். சிவப்பு சின்னதாக இருந்தால் நாம் கிட்டே போவது மாதிரி இருக்கும். சிவப்பு தள்ளி இருந்தால் பார்வை அந்தப் பக்கம் நகரும்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க மேடம். எதுல ஆரம்பிக்கிறோங்கிறது பெரிசில்ல. எதுல போய் நிக்கிறோமோ, அதுதான் மனசுல நிக்கும்" என்றார்.

அவர் சும்மா சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். கடைசிப் படம் என்னுடையதாக இருக்க வேண்டும். இதற்காகவே மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் யோசித்து வைத்திருந்தேன். மலைப்பாதை வளைவில் காரை நிறுத்திவிட்டு நானும் அவரும் நிற்கும் படம். அவர் என் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். அவர் கேமராவைப் பார்க்காத ஒரே படம் அதுதான்.

எடிட்டர் அதைத் திரையில் விரித்து, அவர் முகத்தைச் சுற்றிச் சிவப்புப் பெட்டி போட்டு ஓட்டினார். கிட்டே போகப் போக என் புருஷன் முகம் பிசைந்த மாவானது. பக்கத்தில் நான் இன்னொரு உருண்டை.

"இது வாட்ஸப்ல வந்த படமா மேடம்?"

"ஆமா. அவர் போன் கெட்டுப் போச்சு. என் தங்கச்சிக்கு அனுப்புனது மட்டும்தான் மிச்சம்."

"அனுப்புறப்பவே சுருக்கிடும். அகலத்துல எண்ணூறு பிக்சல், அதாவது எண்ணூறு புள்ளிதான் இருக்கு. நம்ம திரைக்கே ஆயிரத்துத் தொள்ளாயிரம் வேணும். இதுல கிட்ட போகவே முடியாது. வேணும்னா நடுவுல சின்னதா வச்சு, பின்னாடி இதையே மங்கலா விரிச்சு, அசையாம எட்டு செகண்ட் நிறுத்திடலாம்."

பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு எட்டு விநாடி. அதுவும் அசையக் கூடாதாம்.

"கடைசிக்கு என்ன போடலாம்?" என்று அவர் கேட்டதும், அவள் மடியில் வைத்திருந்த உறையிலிருந்து ஒரு பிரிண்டை எடுத்தாள். அந்தக் காலத்து ஸ்டூடியோ ஆள் வீட்டுக்கே வந்து எடுத்த பெரிய படம். எடிட்டர் அதை ஸ்கேன் செய்து திறந்தபோதுதான் நாலாயிரம் புள்ளி என்று வாயைப் பிளந்தார். எவ்வளவு கிட்டே போனாலும் ஒன்றும் உடையவில்லை. மூத்தவளின் கண்ணிமை தெரிந்தது. காதோரத்தில் பறந்த ஒற்றை முடிகூடத் தெரிந்தது.

இடப்பக்கம் மூத்தவள். வலப்பக்கம் அவர், இடுப்பில் குழந்தையோடு. குழந்தைக்கு ஒரு காலில்தான் ஷூ இருக்கிறது. கழன்ற இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு மூத்தவள் குழந்தை பக்கம் நீட்டுகிறாள். மூன்று பேரும் சிரிக்கிறார்கள். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சும்மா சொல்லக் கூடாது, மூத்தவள் அழகியும்கூட.

"இதுவே கடைசியா இருக்கட்டுமா சித்தி?" என்றாள் அவள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

அந்த நேரம் அவளுக்கு போன் வந்தது. மண்டபத்துக்காரர், புரொஜெக்டரைப் பற்றி. அறைக்குள் சிக்னல் சரியில்லை என்று வெளியே போனாள். நான் நாற்காலியை எடிட்டர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"தம்பி, இந்தக் கடைசிப் படத்துல அவர் மட்டும் போதும். அவரைப் பத்தின வீடியோதானே."

"வெட்டிடவா?"

"வெட்டுனா தெரிஞ்சுபோயிடும். முழுசாவே ஆரம்பிங்க. நகந்து நகந்து அவர்கிட்ட போய் முடிச்சிடுங்க. அந்தப் பக்கம் இருக்கிறவங்க தானா வெளிய போயிடணும்."

எடிட்டர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பச்சைப் பெட்டியைப் படம் முழுக்கப் போட்டு, சிவப்பை அவரையும் குழந்தையையும் மட்டும் சுற்றி வைத்தார். ஓட்டினார். நாலு விநாடிதான். மூத்தவள் இடது ஓரத்தில் விருட்டென்று காணாமல் போனாள்.

"கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுன மாதிரி இருக்கு மேடம்."

எனக்கே அப்படித்தான் இருந்தது. திருடுகிறவளுக்கு நிதானம் வேண்டாமா? "மெதுவா பண்ணுங்க. போறதே தெரியக் கூடாது" என்றேன்.

அவர் படத்தைப் பன்னிரண்டு விநாடிக்கு நீட்டினார். தொடங்கும்போதும் முடியும்போதும் வேகம் தானாகத் தணிகிற மாதிரி வைத்தார். மறுபடி ஓட்டினார். முதலில் எதுவும் அசைவதாகவே தெரியவில்லை. பிறகு பார்த்தால் மூத்தவளின் தோள் விளிம்பைத் தொட்டுவிட்டது. கூந்தல் போனது, காது போனது. ஒரு கண் போய், ஒரு கண் சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்று, அதுவும் போனது. கடைசியில் நீட்டிய கையும் அந்தக் குட்டி ஷூவும் மட்டும் ஓரத்தில் நின்றன.

"அந்தக் கை?"

"அதுவும் போகணும்னா இன்னும் கிட்ட போகணும். லேசா மங்கும், பரவாயில்லையா?"

"போங்க."

சிவப்புப் பெட்டி இன்னும் சுருங்கியது. இந்த முறை பதினோராவது விநாடியில் கையும் போய்விட்டது. அப்பாவும் பெண்ணும் மட்டும் நின்றார்கள். அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தது, இப்போது திரையில் இல்லாத ஒருத்தியைப் பார்த்து. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. காரியம் முடிந்தது, நிம்மதி என்று சொல்லிக்கொண்டேன்.

"இன்னொரு தடவை போடுங்கண்ணா."

திரும்பினேன். அவள் கதவருகில் நின்றிருந்தாள். எடிட்டர் போட்டார். அவள் மறுபடி போடச் சொன்னாள். அதற்குப் பிறகும் ஒருமுறை. நான்காவது முறை, கை ஓரத்துக்கு வந்தபோது அவளுடைய விரல்கள் தானாக மேலே எழுந்தன. பிடித்து நிறுத்தப் போகிறவள் போல.

"எங்கம்மா போனப்ப நான் ஸ்கூல்ல இருந்தேன்" என்றாள். "காலையில என் தலையைச் சீவி விட்டாங்க. சாயங்காலம் வந்தா கட்டில் காலியா இருந்துச்சு. அவங்க போறதை நான் பார்த்ததே இல்ல. இப்பதான் பார்க்கிறேன்."

அவள் கதவை விட்டு உள்ளே வந்து எடிட்டரின் பின்னால் நின்றாள்.

"யாரு இப்படி வைக்கச் சொன்னது?"

எடிட்டர் விசைப்பலகையைப் பார்த்தபடி, "மேடம்தான். மெதுவா போகணும்னு பொறுமையா சொல்லிச் சொல்லி வைக்கச் சொன்னாங்க. பெரிய மனசு" என்றார். பாவம், அந்த மனுஷன் என்னைக் காப்பாற்றப் பார்த்தார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மண்டபமே அழும், எனக்கு நல்ல பெயரும் கிடைக்கும். ஆனால் குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்த இந்தக் கூத்தை என்னால் தாங்க முடியவில்லை. பொல்லாதவள் என்று யாராவது சொன்னால் பொறுத்துக்கொள்வேன். மூத்தவளுக்காக நான் உருகி உருகி ஒரு காரியம் செய்தேன் என்று மட்டும் ஒருத்தரும் நினைத்துவிடக் கூடாது. அதற்கும் என் பொறாமை இடம் கொடுக்கவில்லை.

"பெரிய மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். "உங்கம்மாவைப் படத்துலேர்ந்து வெளிய தள்ளத்தான் சொன்னேன். கடைசியில உங்கப்பாகூட அவங்க நிக்கக் கூடாதுன்னு. எரிச்சல். பதிமூணு வருஷமா அதே எரிச்சல்தான், இன்னைக்குப் புதுசா வந்ததில்ல."

அவள் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும் சித்தி. 'போறதே தெரியக் கூடாது'ன்னு நீங்க சொன்னப்பவே வந்துட்டேன். கத்தலாம்னுதான் நின்னேன். அப்புறம் படம் ஓட ஆரம்பிச்சுது. கத்துனா நிறுத்திடுவீங்களேன்னு சும்மா இருந்துட்டேன்."

அவள் எடிட்டரிடம் குனிந்தாள்.

"அண்ணா, இன்னும் கொஞ்சம் மெதுவா போவாங்களா? ஒரு நாலு செகண்ட் கூட்டி?"

"கூட்டலாம்மா. ஆனா இசை இதோட முடிஞ்சுடுது. இங்க நாலு கூடினா வேற எங்கயாவது நாலு குறையணும்."

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. இருந்தாலும் திரையின் அடியில் வரிசையாகக் கிடந்த படங்களில், கடைசிக்கு முந்தியதாக என் மலைப்பாதைதான் இருந்தது. அதன் மேல் எட்டு என்று எழுதியிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். அவள் உடனே கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் கேட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். கேட்கவில்லை.

"என்னோடதுலேர்ந்து எடுங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நாலும் எடுத்துடவா மேடம்?"

"நாலா? ரெண்டு."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவள் அப்பாவுடையது. எடிட்டர் என் படத்தின் வால் நுனியைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தார். எட்டு ஆறானது. அவர் மவுஸை விட்டுக் கையை எடுக்கும்வரை நான் அந்த ஆறையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், தெரியாத்தனமாக ஐந்தாகிவிடக் கூடாதே என்று.