ஏழு இருக்கையில் ஓட்டுநர் யார்

ராஜரத்தினம் வண்டியை முடிவு செய்துவிட்டுத்தான் குடும்பத்தையே ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிவந்திருந்தார். மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் புரோக்கர் வேல்சாமியின் கொட்டகையில் நின்ற வெள்ளை வண்டிதான் அது. ஏழு பேர் போகும் டீசல் வண்டி. ஒரே சொந்தக்காரர் கையில் ஓடியது. மற்றவர்கள் பார்த்துத் தலையாட்டினால் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தார்.

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கம்பெனி அவர்களுடையது. ராஜபாளையத்தில் ஒரே வீட்டில் ஒரே அடுப்பு. ராஜரத்தினம், மனைவி சீனியம்மாள், கல்லூரியில் படிக்கும் மகள். தம்பி சோலைராஜ், மனைவி தங்கபாய், அவர்களுடைய ஆறாம் வகுப்புப் பெண். இவர்களோடு ராஜரத்தினத்தின் அக்கா பரிபூரணம். புருஷன் இறந்த பின் பிறந்த வீட்டுக்கு வந்தவள். தையல் மெஷின்கள் ஓடும் கூடம் முழுக்க அவள் பொறுப்பு.

அதுவரை கல்யாணம், கோயில் என்று எங்கே போனாலும் வாடகைக் காரில் ஒரு பாதியும் பஸ்ஸில் ஒரு பாதியுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் போகிற பாதியில் பரிபூரணம் எப்போதும் இருப்பாள்.

"பெட்ரோல் வேனும் ஒண்ணு இருக்கு, வெலை கம்மி, அண்ணாச்சி" என்றார் வேல்சாமி.

"வாங்கும்போதுதான் கம்மி. பெட்ரோல் வெலை டீசல விடக் கூட, லிட்டருக்கு ஓடுறதும் கம்மி. மதுரைக்கும் ஈரோட்டுக்கும் ஓடுனா தாங்குமா? அது வேண்டாம்" என்று ராஜரத்தினம் வெள்ளை வண்டியின் பின்கதவைத் திறந்து காட்டினார். "இங்க பாருங்க. பின்னால ரெண்டு சீட்டு. வேண்டாம்னா மடக்கிச் சுவரோட சாத்திரலாம். சாம்பிள் மூட்டை அம்புட்டும் உள்ள போயிரும்."

பின்னிருக்கைகள் இரண்டும் சன்னலுக்கு முதுகு காட்டி, ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன.

"அதுல யாரு உக்காருவா?" என்று பரிபூரணம் கேட்டாள்.

"பிள்ளைக ரெண்டும் உக்காரட்டும்."

"ஒம்மக ஒன்ன விட ஒசரம், ராஜு. ஓட்டிப் பாத்துருவோம். மூட்டையையும் ஏத்திக்கிடுவோம்."

அவள் சும்மா வரவில்லை. வரும்போதே கம்பெனியில் கிடந்த இரண்டு சாம்பிள் மூட்டைகளையும் ஒரு பெரிய சூட்கேஸையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். சோலைராஜ் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தான். இப்போது மூட்டைகளைத் தூக்கி உள்ளே வைத்தவனும் அவன்தான். இருக்கைகளை மடக்கினால் எல்லாம் கச்சிதமாக அடங்கியது. இருக்கைகளை விரித்தால், இரண்டுக்கும் நடுவே கால் வைக்கிற இடத்தில்தான் மூட்டை நின்றது.

"ஒண்ணு ஆளு, இல்லாட்டி மூட்டை" என்றாள் தங்கபாய்.

"மேல கேரியர் போட்டுக்கிட்டாப் போச்சு" என்றான் சோலைராஜ். மகளைக் கூட்டிக்கொண்டு பின்னால் ஏறினான். சீனியம்மாளும் கல்லூரிப் பெண்ணும் கொட்டகையிலேயே இருந்துகொண்டார்கள். வேல்சாமியின் ஓட்டுநர் இருளப்பசாமி ராஜபாளையம் சாலையில் வண்டியை விட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் சிறுமியின் பேச்சு நின்றது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் இருவரும் முன்பக்கமாகச் சரிந்தார்கள். பிடித்துக்கொள்ள மேலே ஒரு கம்பி, அவ்வளவுதான். வளைவு தாண்டியதும் அவள், "அப்பா, நிப்பாட்டச் சொல்லுங்க" என்றாள். ஓரத்தில் இறங்கி வாந்தியெடுத்தாள். சோலைராஜின் முகமும் வெளுத்திருந்தது.

"எம்புட்டு தூரம் வந்திருப்போம்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ராஜபாளையத்துக்குப் பாதி வழிகூட இல்லலே" என்றாள் பரிபூரணம். "ஈரோடு வரைக்கும் இப்பிடியே போவியா?"

சோலைராஜ் திரும்பும்போது நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

கொட்டகையில் ஒரு நீல வண்டியும் நின்றது. விலை சற்றுக் கூடுதல் என்பதால் ராஜரத்தினம் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. அதில் கடைசி வரிசை, இரண்டு பேர் முன் பார்த்து உட்காரும் இருக்கை. நடு இருக்கையைச் சாய்த்துத்தான் உள்ளே போக வேண்டும். பரிபூரணம் ஏறிப் பார்த்தாள். தரை உயரமாக இருந்ததால் முழங்கால் நெஞ்சுக்கு நேரே வந்தது. முதுகு மட்டும் நன்றாகச் சாய்ந்தது. அவள் செத்த நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டு, "சீனியம்மா மூட்டுக்கு இங்க ஏற முடியாது, அவ நடுவுல. மத்தவங்களுக்குத் தாங்கும். நடுவுல ஒரு எடத்துல எறங்கிக் கால நீட்டிக்கணும்" என்றாள்.

இருக்கைக்குப் பின்னால் சூட்கேஸைச் செருகத்தான் இடமிருந்தது. மூட்டைகள் மேலே கேரியரில்தான் போக வேண்டும். மழைக்குத் தார்ப்பாய் வேண்டும். கேரியர் ஏறினால் டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும். இதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, வேல்சாமி மறைக்காமல் பதில் சொன்னார்.

"சரி, எல்லாரும் ஏறுங்க" என்றார் ராஜரத்தினம்.

சீனியம்மாளும் தங்கபாயும் சிறுமியும் நடுவில். கடைசியில் சோலைராஜும் கல்லூரிப் பெண்ணும். முன்னால் இருளப்பசாமிக்குப் பக்கத்தில் ராஜரத்தினம். கதவுகள் சாத்தப்பட்டன. பரிபூரணம் வெளியே நின்றாள்.

ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு சீனியம்மாள், "மதினி நிக்காங்களே" என்றாள்.

ராஜரத்தினம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஏழு இருக்கை. அதில் ஒன்று ஓட்டுகிறவருக்கு. "அப்ப... அக்கா பின்னால பஸ்ல..." என்று ஆரம்பித்தவர், மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்தினார்.

பரிபூரணம் கோபப்படவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, "இருளப்பசாமி, செத்த எறங்குங்க" என்றாள்.

அவளிடம் லைசென்ஸ் இருந்தது. கம்பெனியின் சரக்கு வேனுக்கு ஓட்டுநர் நினைத்த நாளில் வேலைக்கு வராமல் நின்றுகொண்டதால், போன வருஷம் ஞாயிறுதோறும் பயிற்சிப் பள்ளிக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். தளவாய்புரம் சாலையில் சரக்கு ஏற்றிப் போவாள். ஆனால் வீட்டு ஆட்கள் யாரும் அவள் ஓட்டி உட்கார்ந்ததில்லை. ஒருவரும் கேட்டதுமில்லை.

"அக்கா, இது பெரிய வண்டி..." என்றார் ராஜரத்தினம்.

"சரக்கு வேனு இத விடக் கனம்டா. டிரைவர் வச்சா அவருக்கு ஒரு சீட்டு, மாசச் சம்பளம், வெளியூர் போனா பேட்டா. நம்ம ஓட்டத்துக்கு டீசல விட அதுதான் கூட வரும். நான் ஓட்டுனா ஏழு சீட்டும் நமக்கு."

இருளப்பசாமி சிரித்துக்கொண்டே இறங்கினார். பரிபூரணம் இருக்கையை முன்னே தள்ளினாள், கண்ணாடியைத் திருப்பினாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் கிளம்பியது. முன்னால் போன பஸ்ஸை அவசரப்படாமல் கொஞ்ச தூரம் தொடர்ந்து, எதிரே சாலை காலியானதும் ஹாரன் அடித்துத் தாண்டினாள். ராஜரத்தினம் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"சோலை, பின்னால எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"முட்டிதான் இடிக்கு. தலை சுத்தல."

நீல வண்டியையே வாங்கினார்கள். கேரியரும் தார்ப்பாயும் கூடுதல் விலைக்குள் அடங்க வேண்டும் என்று பரிபூரணம் பிடிவாதமாக நின்று வாங்கினாள். கடைசி வரிசைக்கு முறை வைத்ததும் அவள்தான்: போகும்போது ஒரு ஜோடி, திரும்பும்போது வேறு ஜோடி. சீனியம்மாளுக்கு மட்டும் விலக்கு.

அடுத்த மாதம் மதுரையில் ஒரு கல்யாணம். போகும் முறை ராஜரத்தினத்துக்கும் தங்கபாய்க்கும் விழுந்தது. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் கடைசி வரிசையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"அக்கா, பள்ளம் வந்தா முன்னாலேயே சொல்லிரு."

"சொல்லுதேன், சொல்லுதேன். கால நீட்டணும்னாலும் சொல்லு, டீக்கடை பாத்து நிப்பாட்டுதேன்" என்றாள் பரிபூரணம். சாலை நேராகக் கிடந்தது. கியரை மாற்றினாள்.