போன் காட்டிய சிவப்பு

சாயப்பட்டறை முற்றத்தில், வெயில் விழும் இடமாகப் பார்த்து, பட்டு வியாபாரி பார்த்திபன் சாயம் தோய்த்த பட்டு நூல் கழியை விரித்துப் பிடித்தார். மறு கையில் போன். கல்யாணப் பெண் வீட்டார் அனுப்பிய புடவைப் படம் அதில் பெரிதாகத் தெரிந்தது.

"இப்பவும் ஒட்டலய்யா பரசு. படத்துல வெங்காயச் சாயல் தட்டுது. நீ அரக்கா ஊத்தி வெச்சிருக்க."

சாயக்காரர் பரசுராமன் ஈரக் கைகளை லுங்கியில் துடைத்தார். மூன்றாவது முறையாகத் தோய்த்த நூல் அது.

"அதே படத்த எனக்கும் அனுப்பினீங்களே மொதலாளி. என் போன்ல பாருங்க. அரக்குதான்."

"உன் ஓட்ட போன வெச்சிகினு எனக்குக் கலர் சொல்றியா?"

வேலையாட்கள் இருவர் குனிந்துகொண்டார்கள். பரசுராமனின் சாயம் முன்போல் இல்லை என்று பார்த்திபன் கடைத்தெருவில் சொன்ன பிறகு, ஜவுளிக்காரர் பலராமன் தன் நூலை வேறு பட்டறைக்கு மாற்றிவிட்டார். அது எல்லோருக்கும் தெரியும்.

பரசுராமன் தன் போனைக் கொண்டுவந்து பார்த்திபனின் போனுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரே படம். இரண்டு சிவப்பு.

பார்த்திபனுக்கு ஒன்று நினைவு வந்தது. போன மாதம் எழுத்து பொடியாக இருக்கிறதென்று செட்டிங்ஸுக்குள் போய் எதையெதையோ தொட்டார். எழுத்து பெரிதானது. அதோடு வேறு எது மாறியதென்று அவருக்குத் தெரியாது. தமிழில் மெனு வைத்துக்கொள்ளலாம் என்று மகன் சொன்னபோது மறுத்தவர் அவரேதான். கடையில் நாலு பேர் எட்டிப் பார்க்கிற போன். அதில் இங்கிலீஷ்தான் இருக்க வேண்டும்.

"வெளிச்சம் ஏத்தினா சரியாயிடும்," என்று சொல்லி, கழியைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க, அதே செட்டிங்ஸைத் தேடிப் போனார். ஒன்றைத் தொட்டார். போன் ஏதோ கேட்டது, கேட்டதற்கெல்லாம் ஓகே அழுத்தினார்.

போன் பேச ஆரம்பித்தது.

சத்தமாக, ஒரு பெண் குரலில், இங்கிலீஷில். விரல் பட்ட இடத்தையெல்லாம் படித்தது. எதையும் திறக்கவில்லை. தள்ளினால் நகரவில்லை. வேலையாட்களில் ஒருவன் சிரிப்பை இருமலாக்கினான்.

பட்டறை ஓரத்தில் உட்கார்ந்திருந்த கனிமொழி தலையைத் திருப்பினாள். பரசுராமனின் மகள். கண் பார்வை கிடையாது; போளூரில் வங்கி வேலை.

"டாக்பேக் ஆன் ஆயிடுச்சு சார். என் போனும் இப்படித்தான் பேசும். ஒரு வாட்டி தொட்டா படிக்கும், ரெண்டு தட்டு தட்டினாதான் திறக்கும். மெனுவ நகர்த்தணும்னா ரெண்டு விரல வெச்சித் தள்ளுங்க."

பார்த்திபன் இரண்டு விரலால் தள்ளினார். மெனு நகர்ந்தது. விரல் தவறி நடுவில் எங்கோ பட்டது.

"கலர் கரெக்‌ஷன். ஆன்," என்றது போன்.

கனிமொழியின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினாள்.

"சார், அது முன்னாடியே ஆன்ல இருக்கு. சிவப்பு, பச்சை சரியா பிரிச்சித் தெரியாதவங்களுக்காக வெச்சது அது. அதப் போட்டா படத்துல இருக்கிற கலரயே மாத்திக் காட்டும். உங்களுக்குக் கண்ணுல அந்த மாதிரி ஏதாவது...?"

அவள் பரிவாகத்தான் கேட்டாள். சாயக் கொப்பரையைக் கிளறியபடியே வேலையாட்களும் காது கொடுத்தார்கள்.

ஆரணியில் பட்டு வியாபாரிக்குச் சிவப்பு தெரியாது என்று ஒரு பேச்சு கிளம்பினால், மறுநாளே கடையைச் சாத்த வேண்டியதுதான். இல்லை, கண் நன்றாகத்தான் இருக்கிறது என்றால், இதை ஏன் போட்டு வைத்தாய் என்ற கேள்வி நிற்கிறது. பார்த்திபன் போனைப் பார்த்தார். அதில் பெரிது பெரிதாக எழுத்துகள். ஒன்றும் புரியாத எழுத்துகள்.

"கண்ணு நல்லாத்தாம்மா கீது," என்றார். "எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. இன்னான்னு தெரியாமலே அழுத்திட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

கனிமொழி கையை நீட்டினாள். போனை வாங்கி, காதருகே வைத்து, கேட்டுக் கேட்டுத் தட்டினாள். குரல் ஒருமுறை "ஆஃப்" என்றது. இன்னும் சில தட்டல்கள். குரலும் நின்றது. போன் திரும்பி வந்தபோது, படத்தில் இருந்தது அரக்கு. அவர் தோளில் தொங்கிய கழியின் அதே அரக்கு.

"பரசு..." என்றார்.

பரசுராமன் கழியை அவர் தோளிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டார். சுருக்கம் நீவினார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம் மொதலாளி. பலராமன் ஐயாகிட்டச் சொல்லுங்க. இப்ப சொன்னத அப்படியே சொல்லுங்க."

"கடைக்குப் போயி..."

"இங்கயே."

பார்த்திபன் பலராமனின் பெயரைத் தேடினார். அதைத் தமிழில்தான் சேமித்திருந்தார். மணி அடித்தது. மறுமுனையில் "சொல்லு பார்த்தி, இன்னா விசயம்?" என்று உற்சாகமான குரல்.

வேலையாட்கள் கொப்பரையைக் கிளறுவதை நிறுத்தியிருந்தார்கள்.

"பலராமா," என்றார் பார்த்திபன், "எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியுமா?"