பெரிய ஐயின் மேல் ஒரு புள்ளி

காலை ஒன்பதே காலுக்கு மேலாளர் நெட்டையனின் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு, அவனைக் கூட்ட அறையில் உட்கார வைத்தார். கண்ணாடி அறை. எல்லோரும் பார்த்தார்கள். யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவனுக்கு அன்றுதான் கடைசி நாள். திங்கட்கிழமை வேறு கம்பெனி.

துருக்கியில் ஒரு மருத்துவமனை இவர்களுடைய மென்பொருளை வாங்கியிருந்தது. முந்தின நாள் நெட்டையனின் திருத்தம் அங்கே ஏறியது. ஏறியதும் அட்மினையும் மருந்தாளரையும் அது உள்ளே விடவில்லை. டாக்டர்களும் நர்சுகளும் தாராளமாகப் போய்வந்தார்கள். மருந்தாளர் உள்ளே நுழைந்தால்தான் திறக்கும் மருந்து அலமாரி இரண்டு மணி நேரம் திறக்கவில்லை. பழையதைத் திரும்பப் போட்ட பிறகுதான் திறந்தது.

மேலாளர் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். அவள் சோதனைப் பிரிவு. அலுவலகத்துக்கே அக்கா. நெட்டையன் அவளுடைய தங்கையின் கணவன், அவனுக்கு நிஜமாகவே அக்கா முறை.

"போன மாசம் அங்க போனப்ப யார்கூட சண்டை போட்டான்?"

"அட்மின்கூட. மருந்தாளர்கூட."

"யாரு வெளியே நின்னாங்க?"

அவள் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எழுதினது அவன். சாயங்காலத்துக்குள்ள வேற காரணம் இருந்தா காட்டுங்க. இல்லைன்னா புது கம்பெனிக்கு நானே எழுதிடறேன். போலீஸை அப்புறம் பாத்துக்கலாம்."

கூட்ட அறையில் நெட்டையன் காலி காகிதக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான். அக்கா எதிரே உட்கார்ந்தாள்.

"எங்கிட்டயாவது சொல்லு."

"என்ன சொல்லணும்?"

"அந்த மருந்தாளர் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு வீட்டுல சொன்னியே."

"சாம்பார்ல உப்பு இல்லைன்னும் சொன்னேன். அதுக்கும் போலீஸா?"

அவள் சிரிக்கவில்லை. அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நீங்களுமா அக்கா?"

இருக்கைக்குத் திரும்பி அவனுடைய திருத்தத்தைத் திறந்தாள். மூன்றே வரி. மருத்துவமனையின் ஊழியர் பட்டியலில் வேலைப் பெயர்கள் சின்னதும் பெரியதுமாக ஆங்கில எழுத்தில் கலந்து கிடந்தன. எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்று, பிறகு ADMIN, PHARMACIST என்று பெரிய எழுத்தில் இருக்கும் அனுமதிப் பெயர்கள் ஒவ்வொன்றோடும் ஒப்பிடு, பொருந்தினால் உள்ளே விடு. அவ்வளவுதான். யார் பெயரும் இல்லை. ஒளிக்க இடமும் இல்லை. அது அவளுடைய சந்தேகத்தைக் கூட்டியது. அவன் கெட்டிக்காரன்.

மருத்துவமனையின் பதிவுகளை வரவழைத்தாள். வெளியே நின்றவர்களில் வரவேற்பாளரும் இருந்தாள். போன மாதம் நெட்டையன் அங்கே இருந்த மூன்று நாளும் அவனுக்கு டீ கொடுத்தவள். ஊருக்கு வந்து அவளைப் பற்றி நல்லதாகவே சொன்னான்.

அவளை ஏன்?

வெளியே நின்றவர்களை மேலே எழுதினாள்: admin, pharmacist, receptionist. கீழே உள்ளே போனவர்கள்: doctor, nurse. திரும்பத் திரும்பப் படித்தாள். மேலே இருந்தவற்றில் எல்லாம் ஒரு i இருந்தது. கீழே இல்லை.

தன் கணினியில் நாடு, மொழி குறிக்கும் பிராந்திய அமைப்பைத் துருக்கிக்கு மாற்றினாள். மென்பொருளைப் புதிதாக ஓட்டினாள். admin என்று கொடுத்து, அவன் வரி அதை என்னவாக மாற்றுகிறது என்று அச்சிடச் சொன்னாள்.

ADMİN.

பெரிய எழுத்தின் தலையில் ஒரு புள்ளி. திரையில் தூசி என்று நினைத்து விரலால் துடைத்தாள். போகவில்லை.

தன் கணினியை எடுத்துக்கொண்டு, கூட்ட அறையிலிருந்து நெட்டையனையும் மேலாளரின் அறைக்குக் கூட்டிப்போனாள். திரையைக் காட்டினாள்.

"அவங்களுக்கு ரெண்டு ஐ இருக்கு சார். புள்ளி வச்சது, வைக்காதது. புள்ளி வச்ச சின்ன ஐ பெரிசானாலும் புள்ளியோடதான் இருக்கும். நம்ம வரி, பெரிசாக்கும்போது மெஷின் எந்த மொழியில இருக்குன்னு கேக்குது. இங்க கேட்டா ADMIN. அங்க கேட்டா இது. ரெண்டும் வேற எழுத்து. பொருந்தாது, வெளியே நிறுத்திடும்."

"நர்ஸ்?"

"அதுல ஐ இல்ல."

மேலாளர் புள்ளியை வெகுநேரம் பார்த்தார்.

"இது அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சிருந்தா டீ கொடுத்த பொண்ணை எதுக்கு சார் நிறுத்தப்போறேன்?" என்றான் நெட்டையன்.

அவள் அவனுடைய மூன்று வரியை அழித்து ஒன்று எழுதினாள். எந்த மொழியையும் கேட்காதே, ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் எண்ணைப் பார், பெரியது சின்னது என்ற வித்தியாசத்தை மட்டும் விட்டுவிடு. துருக்கி அமைப்பிலேயே ஓட்டினாள். அட்மின் நுழைந்தார். மருந்தாளர் நுழைந்தார். வரவேற்பாளரும் நுழைந்தாள்.

மேலாளர் லேப்டாப்பை மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். நெட்டையன் எடுத்துக்கொண்டு, அக்காவைப் பார்க்காமல் வெளியே போனான்.

அவளும் எழுந்தாள்.

"உக்காருங்க. மெஷினோட அமைப்பை மாத்தினது இன்னிக்குத்தானா?"

"போன வாரம் அவன் திருத்தத்தைச் சோதிச்சப்ப திரையில இருக்கற வார்த்தைகளை மட்டும் துருக்கி மொழிக்கு மாத்தி ஓட்டினேன் சார். எல்லாம் சரியா வந்துது."

"அடியில மெஷின் எந்த நாட்டு அமைப்புல இருந்துது?"

"நம்ம அமைப்புலயேதான் இருந்துது."

மேலாளர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அவன் உங்க தங்கச்சி வீட்டுக்காரன். அவன் திருத்தம்னு நீங்க வேணும்னே பாக்காம விட்டீங்களா, தெரியாம விட்டீங்களா?"